மூன்று வயது, யானை பிடிக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

நாளை ராத்திரி உன் நண்பரின் மகள் உங்கள் வீட்டில்தான் தூங்குவாள், அவளைத் தூங்கவைக்க என்ன கதை சொல்வது என்று கேட்டாய். அவளைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம்: மூன்று வயது, யானை பிடிக்கும். கதைக்கு அது போதும்டா. எவ்வளவு சொல்வது என்பதை வயது காட்டும், என்ன சொல்வது என்பதை யானை காட்டும்.

மூன்று வயதுக்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டு பேர், ஓர் இடம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி. அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிவதுதான் அந்த வயதில் சுகம். ஆறு வயதென்றால் ஒரு சிக்கலும் கொஞ்சம் தந்திரமும் வேண்டியிருக்கும்.

யானை விஷயத்தில் நிஜக் குட்டியானையை நினைத்துக்கொள். பிறந்து சில மாதங்கள் வரை தும்பிக்கையை என்ன செய்வதென்றே அதற்குத் தெரியாது. பாலை வாயால்தான் குடிக்கும். நம் குழந்தைகள் விரல் சூப்புவதுபோல் தும்பிக்கையைச் சூப்பும். அம்மாவின் காலடியில் படுத்துத் தூங்கும். கதை அதிலேயே இருக்கிறது:

“ஒரு குட்டி யானைக்குத் தூக்கம் வந்தது. தும்பிக்கையை எங்கே வைப்பது? புல்லில் வைத்தது. குறுகுறுத்தது. ‘இங்கே வேண்டாம்.’ அம்மா பக்கத்திலேயே நின்றாள். முதுகில் போட்டது. எட்டவில்லை. ‘இங்கே வேண்டாம்.’ அம்மா பக்கத்திலேயே நின்றாள். அம்மாவின் காலில் சாய்த்தது. கதகதப்பாக இருந்தது. ‘இங்கேதான்.’ நுனியை வாயில் வைத்துக்கொண்டது. வால் தூங்கியது. கால் தூங்கியது. காது தூங்கியது. கண்ணும் தூங்கியது.”

‘வால் தூங்கியது’ என்ற இடத்திலிருந்து குரலைத் தாழ்த்து, ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு மூச்சு விடு.

குட்டி காட்டில் தொலைந்துபோனது என்று ஆரம்பிக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம். நாளைக்கு அவளே அம்மாவை விட்டு வேறு வீட்டில் படுக்கிறாள். அதனால்தான் அம்மா யானையை ஒரு வரியில்கூட நகர விடவில்லை. பிளிறிக் காட்டாதே, சிரித்து எழுந்துவிடுவாள்.

எழுந்து உட்கார்ந்து “அப்புறம்?” என்று சத்தமாகக் கேட்டால், கதை சூடாகிவிட்டது என்று அர்த்தம். புதிதாக எதையும் சேர்க்காமல் தும்பிக்கைக்கே திரும்பிப் போ. “ஏன் எட்டல?” என்றால் “அது குட்டிதானே” என்று அதே குரலில் சொன்னால் போதும். இரண்டாவது தடவை “இங்கே வேண்டாம்” என்று அவளே முந்திக்கொண்டு சொன்னால், கதை பிடித்துவிட்டது. முடித்த பிறகு “யானை என்ன பண்ணுச்சு?” என்று மட்டும் கேட்காதே. பதில் சொல்லப்போய் முழித்துக்கொள்வாள்.

“இன்னொரு தடவை” என்றால் அதே சொற்களில் சொல். புல்லுக்குப் பதில் மண் என்றால், பாதித் தூக்கத்திலும் உன்னைத் திருத்துவாள்.

அன்புடன்,
அக்கா