பாப்பாவுக்கு, அம்மாவின் தண்ணீர்ப் பை பற்றி

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மா நலம் என்று எழுதும்போது இந்தத் தடவை பொய் இல்லை. நேற்று எடை 52 கிலோ, கால் வீக்கம் இல்லை, பசார் வரை என்னோடு மோட்டாரில் வந்து கெம்போங் மீன் பார்த்துப் பேரம் பேசினாள்.

போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் "சாப்பிட்டியா, இந்தா அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்பதைத் தாண்டிப் பேசினதே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போன வாரம் உன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சிரிக்காதே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று அவளும் கேட்டாள். நீ மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தபோது மிச்சம் வைத்த நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதினேன். அதில் இருக்கிற ஒரு விஷயம் உனக்கும் தெரிய வேண்டும். தை மாதம் நீ போனில் அம்மாவைத் திட்டினாயே, அது சம்பந்தப்பட்டது.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ சிங்கப்பூரில் இருந்து இரண்டு தடவைதான் வர முடிந்தது, பாதி உனக்குத் தெரியாது.

போன வருடம் சித்திரையில் அம்மாவுக்குக் கிட்னி போய்விட்டது என்று சொன்னபோது ஈப்போ ஆஸ்பத்திரியில் இரண்டு வழி காட்டினார்கள். ஒன்று, வாரம் மூன்று நாள் சென்டருக்குப் போய், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைக் கழுவுவது. இன்னொன்று, வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே நாமே தண்ணீரை ஏற்றி இறக்குவது. "ரத்தம் வெளிய போய்ட்டு வர்றதெல்லாம் வேணாம், வீட்லயே இருக்கேன்" என்றாள் அம்மா. ஆனால் சர்க்கரையால் அவளுக்கு விரல் மரத்துப் போயிருந்தது, கண்ணும் மங்கல். அப்போ யார் செய்வது என்று மிஸ்ஸி கேட்டார். நான் செய்கிறேன் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தாறு வருடத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி கலக்காத ஆள் ஆச்சே.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் பாடம் நடந்தது. அப்புறம் உன் அறைதான் எங்கள் தண்ணீர் அறை. உன் புத்தக அலமாரி, திரைச்சீலை எல்லாம் எடுத்தாகிவிட்டது, தூசி ஆகாது. தினமும் நாலு பை. காலை 6, மதியம் 12, மாலை 6, ராத்திரி 10. ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, இரண்டு பேரும் முகமூடி போட்டு, மேசையைத் துடைத்து, கையை நுரைக்க நுரைக்கக் கழுவ வேண்டும். வயிற்றில் இருக்கிற பழைய தண்ணீர் தரையில் கிடக்கும் பைக்கு வடியும், இருபது நிமிடம். அப்புறம் மேலே கொக்கியில் தொங்கும் 2 லிட்டர் புதுத் தண்ணீர் உள்ளே இறங்கும், பத்து நிமிடம். அந்தத் தண்ணீரில் சர்க்கரை கலந்திருக்கும். உடம்பில் நிற்கிற நீரை அந்தச் சர்க்கரைதான் வயிற்றுக்குள் இழுக்கிறது, அழுக்கும் கூடவே வருகிறது. 1.5, 2.5, 4.25 என்று மூன்று பலத்தில் பை உண்டு. கால் வீங்கினால் பலமான பை. ஆனால் பலமானது போட்டால் ரத்தத்தில் சர்க்கரையும் ஏறும், அதனால் தொட்டதற்கெல்லாம் அதை எடுக்கக் கூடாது.

வடிந்த பையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து நோட்டில் எழுதுவேன். 2 லிட்டர் போய் 2.3 லிட்டர் வந்தால் 300 மில்லி கூட எடுத்திருக்கிறது, நல்லது. போனதைவிடக் குறைவாக வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் பாப்பா. காற்றாடி இல்லாத அறையில் வேர்த்து ஒழுக, எதிர் எதிரே உட்கார்ந்து, குழாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். டிவி கிடையாது, எழுந்து போகவும் முடியாது. கல்யாணம் ஆனதில் இருந்து உன் அம்மா முகத்துக்கு நேரே நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. அவள் விடியுமுன் பால்வெட்டுக்குப் போவாள், எனக்கு மில்லில் ஷிப்டு. ஒருவர் வரும்போது ஒருவர் தூக்கம். இப்போது நாளுக்கு நாலு தடவை. லயத்துக் கதை, அவள் அப்பா பெரட்டுக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்கின கதை, நீ பிறந்த அன்று பெய்த மழை, எல்லாம் அந்த அறையில்தான் கேட்டேன்.

குழாயில் தண்ணீர் வேகம் குறைந்தால் என்னைவிட அவளுக்குத்தான் முதலில் தெரியும். "இன்னிக்குப் பால் சரியா எறங்கல" என்பாள், மங்கில் சொட்டுகிற பாலைப் பார்க்கிற மாதிரி. ஒரு தடவை அப்படிச் சொல்லி நான் பயந்து போன் போட்டேன். மலச்சிக்கல் இருந்தால் குடல் குழாயை அழுத்தும், அதனால்தான் வடியவில்லை, வயிறு இளக மருந்து கொடுங்கள் என்றார் மிஸ்ஸி. மறுநாள் சரியாகிவிட்டது. இரண்டு நாள் அம்மா என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது தை மாதத்துக்கு வருகிறேன்.

அன்று ராத்திரி பத்து மணிப் பை. எனக்குத் தூக்கக் கலக்கம். மூடியை எடுத்துக் குழாயோடு இணைக்கப் போகும்போது புதுப் பையின் முனை என் கட்டைவிரலில் பட்டுவிட்டது. லேசாகத்தான். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பை எடுக்க வேண்டும். பாடம் நடந்த ஒரு வாரமும் மிஸ்ஸி சொன்னது அது ஒன்றைத்தான். கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டி நிறையப் பை இருந்தது. ஆனாலும் முழுசாக ஒரு பை வீணாகிறதே என்று தோன்றியது. கை கழுவித்தானே இருக்கு, ஒன்றும் ஆகாது என்று இணைத்துவிட்டேன். தோட்டத்துப் புத்தி. மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தே வளர்ந்த கை இது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வடிந்த தண்ணீர் கஞ்சித் தண்ணி மாதிரி இருந்தது. நல்ல தண்ணீர் இளமஞ்சளாக, கண்ணாடி மாதிரி இருக்கும். பையைப் பேப்பர் மேல் வைத்துப் பார்த்தால் அடியில் உள்ள எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். அன்று கொட்டை எழுத்துத் தலைப்புகூடத் தெரியவில்லை. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கலங்கின பையைக் கொட்டக் கூடாது, கையோடு கொண்டுபோக வேண்டும், அதில் இருந்துதான் என்ன கிருமி என்று பார்ப்பார்கள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஈப்போ போனேன். பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரி சூடாக இருந்தது.

தோலில் இருக்கிற கிருமி என்று முடிவு வந்தது. "கை பட்டிருக்கு, யார் கை?" என்று மிஸ்ஸி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மா, "நான்தான் மிஸ்ஸி, தெரியாம தொட்டுட்டேன்" என்றாள்.

நான் பேசாமல் நின்றேன். அதுதான் பாப்பா நான் செய்த இரண்டாவது தப்பு. அன்று மாலை நீ போனில் "ஏம்மா உனக்கு அறிவே இல்லையா, எத்தனை தடவை சொல்றது" என்று கத்தினாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் பேசவில்லை.

பையிலேயே மருந்தைக் கலந்து இரண்டு வாரம் ஏற்றினார்கள். ஐந்து நாளில் தண்ணீர் தெளியாவிட்டால் குழாயை எடுக்க வேண்டி வரும் என்றார்கள். அடிக்கடி இப்படி ஆனால் வயிற்றுச் சவ்வு தழும்பாகிப் போய் இந்த வழியே அடைபடும், அப்புறம் ரத்தம் கழுவுவதுதான். தினமும் பேப்பரை விரித்துப் பையை வைத்துப் பார்ப்பேன். மூன்றாம் நாள் தலைப்பு தெரிந்தது. நாலாம் நாள் மரண அறிவிப்பில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். மரண அறிவிப்பைப் படித்து யாராவது அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியவில்லை.

அம்மாவுக்கு எழுதினது இதுதான், அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"இந்தாம்மா, உன்னை இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன், இப்போது மாற்றினால் உனக்கே சிரிப்பு வரும். அன்று ராத்திரி முனையைத் தொட்டது என் கை. ஒரு பைக்குப் பார்த்து உன் உயிரோடு விளையாடிவிட்டேன். நீ ஏன் உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று கேட்கத் தைரியம் இல்லை. இத்தனை வருடத்தில் உனக்குச் சேலை எடுத்தபோதுகூட நிறம் நீயே பார்த்துக்கொள் என்று கடை வாசலில் நின்ற ஆள் நான். இப்போது உன் வயிற்றுத் தண்ணீரின் நிறம் ஒரு நாளில் நாலு வேளை எனக்கு மனப்பாடம். ராத்திரி நீ தூங்கினதும் குழாயில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நீ இல்லாத வீட்டில் எனக்கு எந்த மணிக்கு எழ வேண்டும் என்றுகூடத் தெரியாது."

கண் மங்கல் என்பதால் அவளால் முழுதும் படிக்க முடியவில்லை. மதியப் பை வடியும்போது நான்தான் முகமூடிக்குள் இருந்து படித்துக் காட்டினேன். முடிக்கும்வரை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும். கண்ணு மங்கல்தான், குருடு இல்ல. நீங்கன்னு சொல்லியிருந்தா பயந்துகிட்டுக் குழாயத் தொட மாட்டீங்க. அப்புறம் யாரு செய்வா?" கொஞ்ச நேரம் கழித்து, "டார்ச்ச மூஞ்சியில அடிக்காதீங்க" என்றாள்.

இனி நீ மன்னிப்பு கேட்கிறேன் என்று அவளுக்குப் போன் பண்ணி அழ வேண்டாம். அவளுக்குப் பிடிக்காது. வாழைப்பழம் சாப்பிட்டாயா என்று கேள், அது போதும். ரத்தம் கழுவுகிறவர்களுக்கு வாழைப்பழம் தடை, இவளுக்குப் பொட்டாசியம் குறைவு என்று டாக்டரே சாப்பிடச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையில் தினமும் இரண்டு பிசாங் மாஸ். முட்டை வெள்ளைக்கருதான் தகராறு, தண்ணீரோடு புரதமும் போய்விடுகிறது என்று சொல்லி ஊட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. எனக்குக் காய்ச்சல் வந்தால் பை மாற்ற இன்னொரு கை இந்த வீட்டில் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வா, சொல்லித் தருகிறேன். முனை எதில் பட்டாலும் அந்தப் பையைத் தூக்கிப் போட வேண்டும், அதுதான் முதல் பாடம். வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா. வளையல், மோதிரம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்
அப்பா