ஒன்பதாம் பிரிவில் நாம் போட்ட நிபந்தனையை எடுத்துவிடுங்கள்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

வெளியுறவு அமைச்சகத்தின் சட்டம், ஒப்பந்தங்கள் பிரிவில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

1959-ல் இந்தியா இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் சேர்ந்தபோது கூடவே ஒரு வாக்கியத்தையும் எழுதி அனுப்பியது. ஒன்பதாம் பிரிவின்படி ஒரு தகராறு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால், ஒவ்வொரு வழக்குக்கும் எல்லாத் தரப்பும் தனியாகச் சம்மதிக்க வேண்டும் என்கிறது அந்த வாக்கியம். அதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

காம்பியாவின் வழக்கைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஆற்றின் இரு கரையை ஒட்டிக் கிடக்கும் சின்ன நாடு அது. 2017 ஆகஸ்ட்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஓடி வந்தது பங்களாதேஷுக்கு, காம்பியாவுக்கு ஒருவர்கூட அகதியாகப் போய்ச் சுமையானதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் 2019 அக்டோபர் 11 அன்று மியான்மரின் ஐ.நா. தூதரகத்துக்கு, ‘நீங்கள் உடன்படிக்கையை மீறுகிறீர்கள், நிறுத்துங்கள்’ என்று குறிப்பு அனுப்பியது காம்பியாதான். ஒரு மாதம் காத்திருந்தது, பதில் வரவில்லை, நவம்பர் 11 அன்று ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தில் மியான்மர் மேல் வழக்கைப் பதிவு செய்துவிட்டது. இந்த ஒரு மாத இடைவெளி வெறும் சம்பிரதாயம் இல்லை. இரு தரப்புக்கும் இடையில் தகராறு இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்த்தபோது, பதில் சொல்லாமல் விட்ட அந்தக் குறிப்பும் கணக்கில் வந்தது.

‘உனக்கு என்ன பாதிப்பு, நீ ஏன் வருகிறாய்?’ என்றுதான் மியான்மர் வாதாடியது. 2022 ஜூலை 22 அன்று 15-க்கு 1 என்ற கணக்கில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இனப்படுகொலை செய்யாதே, தடு, தண்டி என்கிற கடமைகளை நிறைவேற்றுவதாக ஒரு நாடு உடன்படிக்கையில் இருக்கும் மற்ற எல்லா நாடுகளுக்கும் சேர்த்தே வாக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் அதை மீறினால் கேட்கும் உரிமை ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் உண்டு, தனியாக ஒரு காயத்தைக் காட்ட வேண்டியதில்லை. அரசுகளின் பொறுப்பு பற்றி ஐ.நா.வின் சர்வதேச சட்ட ஆணையம் 2001-ல் எழுதி முடித்த விதிகளில் 48-வது விதி சொல்வதும் இதுதான். அப்படி வரும் நாடு தனக்கென்று நஷ்டஈடு கேட்டு வருவதில்லை. மீறலை நிறுத்து, இனி நடக்காது என்று உறுதி கொடு, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய் என்றுதான் கேட்கலாம்.

சரி, பக்கத்திலேயே இருக்கும் பங்களாதேஷ் ஏன் போகவில்லை? அந்த நாடும் ஒன்பதாம் பிரிவில் நம்மைப் போலவே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். கேட்கும் தகுதி வேறு, வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் வேறு. எல்லோருக்கும் கடன்பட்ட கடமையாகவே இருந்தாலும், நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சம்மதம் தேவை என்று 1995-ல் கிழக்கு திமோர் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. ஆக, தகுதி நமக்கும் இருக்கிறது. ஆனால் நாளைக்கு நாம் ஒரு நாட்டின் மேல் வழக்குப் போட்டால், அந்த நாடு நாம் எழுதிய அதே வாக்கியத்தை நம் முன்னால் எடுத்து நீட்டலாம்.

இந்த நிபந்தனை நமக்கு ஒருமுறை உதவியது என்பதை மறைக்கவில்லை. 1973-ல், பங்களாதேஷிடம் விசாரணைக்கு ஒப்படைக்க இருந்த 195 பாகிஸ்தானியப் போர்க் கைதிகள் விவகாரத்தில் பாகிஸ்தான் இதே உடன்படிக்கையைக் காட்டி நம் மேல் வழக்குப் போட்டது. நாம் இந்த வாக்கியத்தைக் காட்டிச் சம்மதிக்க மறுத்தோம், அந்த ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானே வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்தப் பயம் இன்னும் இருக்கும் என்று புரிகிறது. கதவைத் திறந்தால் நம் மேலும் வழக்கு வரும், அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு இனத்தை அழிக்கும் எண்ணத்தோடே செய்தார்கள் என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பது இந்தச் சட்டத்தைத் தொட்ட எல்லோருக்கும் தெரியும். 2007-ல், செர்பியா மேல் போஸ்னியா போட்ட வழக்கில், ஸ்ரெப்ரெனிட்சா என்ற போஸ்னிய ஊரைத் தவிர வேறெங்கும் நடந்ததை நீதிமன்றம் இனப்படுகொலை என்று ஏற்கவில்லை, அங்கும்கூட செர்பியா தடுக்கவும் தண்டிக்கவும் தவறியது என்றுதான் தீர்ப்பு. இப்படியான அளவுகோலுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

சோவியத் யூனியன் 1989-ல் தன் நிபந்தனையை எடுத்தது, ருவாண்டாவும் பின்னால் எடுத்தது. எங்களால் முடியாது என்று நீங்கள் நினைத்தால், எந்தக் காரணத்தால் என்று நாடாளுமன்றத்தில் சொல்லுங்கள். முடியும் என்றால், ஐ.நா. பொதுச்செயலாளருக்கு எழுத்தில் ஒரு அறிவிப்பு அனுப்பினால் போதும்.