கோது கிடந்த இடம்தான் சாட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கம் வளவு கொத்தும்போது பச்சை பிடித்த ரவைக் கோதுகள் வரும். பிள்ளைகள் பொறுக்கிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பை நிறையப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். மனம் பதறியது.

அமெரிக்காவின் மொன்டானாவில், 1876இல் பழங்குடியினரோடு நடந்த சண்டையில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹோர்ன் களத்தை 1983இல் புல்தீ எரித்து வெட்டவெளியாக்கியது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் உலோகம் கண்டறியும் கருவியோடு நடந்து, கிடைத்த ஒவ்வொன்றுக்கும் கொடி நட்டு, இடத்தை அளந்த பிறகே எடுத்தார்கள்.

துவக்கின் ஊசி கோதின் அடியில் குத்திய தழும்பு துவக்குக்குத் துவக்கு வேறுபடும். அதை நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டார்கள். ஒரே தழும்புள்ள கோதுகள் இரண்டு மேடுகளில் கிடந்தால், அந்தத் துவக்கு இங்கிருந்து அங்கே நகர்ந்திருக்கிறது. கோது சுட்டவர் நின்ற இடத்தைச் சொல்லும், சன்னம் அது போய் விழுந்த இடத்தை. ஆனால் துவக்கு நடுவில் கைமாறியிருந்தால் தழும்பு அதைச் சொல்லாது.

இடம் தெரியாத கோது வெறும் பித்தளை. சரி, கண்டால் என்ன செய்வது? தொடாதீர்கள், பக்கத்தில் வெடிக்காதது இருக்கலாம். தள்ளி நின்று அடையாளம் வைத்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
வவுணதீவு, மட்டக்களப்பு