சாலையோர மரத்தை வெட்டும் முன் ஓராண்டு அளவெடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தெருவின் கடைசி வீட்டு உரிமையாளர்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்

பொருள்: என் வீட்டு வாசலில் உள்ள தூங்குமூஞ்சி மரத்தை வெட்டும் முடிவை நிறுத்தி வைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருப்பதாகச் சென்ற ஆண்டு நானே புகார் கொடுத்திருந்தேன். அதன்பேரில் வந்து பார்த்தவர்கள், மரத்தின் வேர் அஸ்திவாரத்தை உடைக்கிறது என்று எழுதி, மரத்தை அடியோடு அகற்றலாம் எனப் பரிந்துரைத்துள்ளனர். புகார் கொடுத்தவனே இப்போது வெட்ட வேண்டாம் என்று வருவது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். இடைப்பட்ட காலத்தில் நான் எடுத்த அளவுகள்தான் காரணம்.

மரம் சுமார் 40 அடி உயரம். அடிமரத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் 5 அடி, வீட்டின் முன் மூலைக்கு 20 அடி. இங்கே நடப்பது இரண்டு தனித்தனி சேதங்கள். அறிக்கையில் இரண்டும் ஒன்றாகி விட்டன.

காம்பவுண்டு சுவரைப் பொறுத்தவரை அறிக்கை சரி. அதன் கடைக்கால் ஒன்றரை அடி ஆழம்தான், சுவரும் எடை குறைந்தது. கை பருமனுள்ள ஒரு வேர் நேராக அதன் அடியில் போகிறது. ஆண்டுக்காண்டு அது பருக்கப் பருக்க, சுவர் அந்த இடத்தில் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நடைபாதைக் கல்லை வேர் கிளப்புவது போலத்தான் இதுவும்.

வீட்டின் கதை வேறு. அத்தனை பாரம் ஏறிய அஸ்திவாரத்தை வேர் தூக்குவதோ உடைப்பதோ மிக அரிது. தடை வந்தால் அது பக்கவாட்டில் ஒதுங்கிப் போய்விடும். ஆனால் எங்கள் தெருவில் இருப்பது கெட்டியான களிமண். நீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வேர்கள் அஸ்திவாரத்துக்குக் கீழே உள்ள ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி, மரத்துப் பக்கத்து மூலை கீழே இறங்குகிறது. இதுவே மணற்பாங்கான மண்ணாக இருந்திருந்தால், இதே மரம் இதே தூரத்தில் நின்றும் வீட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. முன் ஜன்னலின் மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஏறுகிறது. கீழே தலைமுடி அளவுதான், மேலே போகப் போக அகலம். சுவரின் ஓரம் மட்டும் இறங்கினால் மேல்பக்கம்தான் பிளக்கும். நடுப்பகுதி இறங்கியிருந்தால் விரிசல் கீழே அகன்றிருக்கும். ஆக, இறங்குவது மரத்துப் பக்கத்து மூலைதான்.

அப்புறம், விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு திருகாணியைச் சுவரில் இறுக்கி, இடைவெளியை மாதாமாதம் வெர்னியர் காலிபரால் அளந்து வந்தேன். மழைக்காலம் முடிந்தபோது 100.0 மில்லிமீட்டர். கோடையின் கடைசியில் 103.2. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் 100.6. கோடையில் திறந்து மழையில் மூடும் விரிசல் இது. கழிவுநீர்க் குழாய் கசிந்து மண் இளகியிருந்தால் இப்படித் திரும்ப மூடாது. இருந்தாலும் குழாயின் மறுமுனையை அடைத்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் பார்த்தேன், மட்டம் இறங்கவில்லை.

கடைசியாக, வீட்டின் முன் மூலையில் ஒரு குழியும் மரத்துக்கு எதிர்ப்புறம், பின் மூலையில் ஒரு குழியும் தோண்டினோம். அஸ்திவாரம் 4 அடியில் நிற்கிறது. பின் குழியில் ஐந்தரை அடி ஆழத்து மண்ணைக் கையில் உருட்டினால் திரி போல நீண்டது. முன் குழியில் அதே ஆழத்து மண் உருட்ட வராமல் பொடிந்தது. நூல் போன்ற சன்ன வேர்கள் அதில் ஓடியிருந்தன. ஈரத்தை இழுப்பவை இந்தச் சன்ன வேர்கள்தான். எல்லோரும் பயப்படும் தடித்த வேர் ஒன்றுகூட வீட்டின் அடியில் இல்லை.

சரி, மரம்தான் ஈரத்தை எடுக்கிறது என்றால் வெட்டிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட 1998ஆம் ஆண்டில் எடுத்த புகைப்படத்தை மறுபடி பார்க்கும் வரை. அதில் இந்த மரம் மின்கம்பத்தை விட உயரமாக நிற்கிறது. அதாவது, மரம் ஏற்கெனவே காய வைத்திருந்த மண்ணின் மேல்தான் வீட்டையே கட்டியிருக்கிறோம். வீட்டுக்குப் பிறகு வளர்ந்த மரமாக இருந்தால், வெட்டியதும் மண் தன் பழைய நிலைக்குத் திரும்பும், வீடும் பெரும்பாலும் பழைய மட்டத்துக்கு வரும். வீட்டுக்கு மூத்த மரத்தை வெட்டினால், வீடு கட்டிய நாளில் இருந்ததை விடவும் மண்ணில் ஈரம் ஏறும். உப்பும் களிமண் அஸ்திவாரத்தை மேலே தூக்கும். களிமண்ணில் நீர் மெதுவாகத்தான் ஊறும் என்பதால் இது ஒரே மழையில் முடியாது, பல ஆண்டுகள் நீளும். இப்போது இருக்கும் 3 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தோடு வாழ்ந்துவிடலாம். தரை தூக்கி, கதவுகள் சிக்கும் வீட்டைச் சரிசெய்வது அப்படியல்ல.

சுவரை ஒட்டிப் பள்ளம் வெட்டி எல்லா வேர்களையும் அறுத்துவிடலாம் என்றும் அண்டை வீட்டார் சிலர் சொல்கிறார்கள். சுவர் அடிமரத்திலிருந்து 5 அடியில் இருக்கிறது. அங்கே இருப்பவை மரத்தைத் தாங்கி நிற்கும் வேர்கள். ஒரு பக்கம் முழுதாக அறுத்தால் அடுத்த பலத்த காற்றில் மரம் சாலையில் சாயும். தயவுசெய்து இதற்கு அனுமதி தர வேண்டாம்.

எனவே நான் கேட்பது இது. வெட்டும் உத்தரவை ஓராண்டு நிறுத்தி வைத்து, உங்கள் பொறியாளர் ஒருவர் மழை முடிவிலும் கோடை முடிவிலும் வீட்டின் நான்கு மூலை மட்டங்களையும் விரிசல் அளவையும் எடுக்கச் செய்யுங்கள். என் அளவில் 0.6 மில்லிமீட்டர் மூடாமல் நின்றிருக்கிறது. விரிசலுக்குள் தூசி விழுந்ததாலும் இருக்கலாம், வீடு ஆண்டுதோறும் கொஞ்சம் கூடுதலாக இறங்குவதாலும் இருக்கலாம். ஒரே ஆண்டு அளவை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

அதற்கிடையே கிளைகளைப் பரவலாகக் குறைத்து இலைப் பரப்பைக் கட்டுப்படுத்த வேண்டும். அதுவும் ஒரு முறையோடு நின்றால் பயனில்லை. மரம் வேகமாகத் துளிர்த்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் பழையபடி தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே தொடர் பராமரிப்புப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

காம்பவுண்டு சுவரில் 10 அடி நீளத்தைப் பிரித்து, தடித்த வேருக்கு இருபுறமும் தள்ளி இரண்டு கான்கிரீட் திண்டுகள் போட்டு, அவற்றின் மேல் ஒரு பீம் நிறுத்தி, வேருக்கு மேலே அது பருக்க இடைவெளி விட்டுக் கட்டிக்கொள்கிறேன். செலவு என்னுடையது. சாலைப் பக்கம் தோண்டுவதற்கு மட்டும் உங்கள் அனுமதி வேண்டும்.

ஓராண்டு அளவிலும் விரிசல் மூடாமல் வளர்ந்துகொண்டே போனால், மரத்தை அகற்றுவதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். அப்போதும், முன் மூலை மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஈரம் திரும்பினால் எவ்வளவு உப்பும் என்று தெரிந்துகொண்ட பிறகே கோடரி வைக்க வேண்டும்.

மாதவாரி அளவுத்தாளும் இரு குழிகளின் படங்களும் 1998ஆம் ஆண்டுப் புகைப்படத்தின் நகலும் இத்துடன் இணைத்திருக்கிறேன். முன் குழியை இன்னும் மூடவில்லை. உங்கள் பொறியாளர் வந்தால் மண்ணைத் தன் கையாலேயே உருட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்