ஒரு டம்ளர் கூழில் எவ்வளவு கால்சியம்?

பட்டர்வொர்த்

அன்புள்ள கவிதா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் கிடைத்தது. கேழ்வரகில் பாலைவிட மூன்று மடங்கு கால்சியம் இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பிப் பாலை நிறுத்திவிட்டாயாம். அரிசி, கோதுமை இரண்டையும் ஓரம் கட்டிவிட்டுக் கேழ்வரகும் தினையுமாக மாறப்போகிறாயாம். மாப்பிள்ளைக்கும் சர்க்கரை எல்லையில் நிற்பதால் அவருக்கும் அதே சாப்பாடு என்கிறாய். போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிட்டு நீ வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி உணவுப் பிரிவில் தராசும் கையுமாகக் காலம் தள்ளியவள் நான். எடை சொல்லாத கணக்கைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க முடியாது.

அந்தப் படத்தில் பொய் இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் போட்ட அட்டவணையிலேயே 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் என்று இருக்கிறது. பசும்பாலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 120. மூன்று மடங்கு சரிதான். ஆனால் ஒரு பக்கம் காய்ந்த மாவு, இன்னொரு பக்கம் பெரும்பகுதி தண்ணீராக இருக்கும் பால். மாவை யாரும் அப்படியே 100 கிராம் அள்ளித் தின்பதில்லை. நீ காலையில் குடிக்கும் கூழுக்கு எவ்வளவு மாவு போடுகிறாய்? குவித்து இரண்டு மேசைக்கரண்டி என்றால் 25 கிராம் வரும். அதில் இருப்பது 90 மில்லிகிராம் கால்சியம். நீ நிறுத்திய 200 மில்லி பாலில் இருந்தது 240. மூன்று மடங்கு என்று நினைத்து மாறியவள் பாதிக்கும் குறைவாகத்தான் குடித்துக்கொண்டிருக்கிறாய். மலேசியப் பரிந்துரைப்படி உன் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும்.

இதோடு கணக்கு முடியவில்லை. கேழ்வரகின் மேல்தோலில் ஃபைட்டிக் அமிலம், டானின் போன்ற பொருட்கள் இருக்கின்றன. அதில் ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தையும் இரும்பையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். டானின் இரும்பை விடாது. அதனால் தட்டில் இருக்கும் அளவு அப்படியே உடம்பில் ஏறாது. பாலில் இந்தத் தடை இல்லை. கூழ் குடித்த கையோடு நீ தே தாரிக் குடிப்பாய் என்பது எனக்குத் தெரியும். தேத்தண்ணீரில் இருக்கும் டானினும் சேர்ந்துகொண்டு இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி.

இதற்கு வழியை நம் பாட்டிமார்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழை யோசித்துப் பார். மாவைக் கொதிநீரில் போட்டு ஐந்து நிமிடத்தில் கிண்டியதா அது? முதல் நாள் சாயங்காலம் மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வைப்பார்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு ராத்திரியில் லேசாகப் புளித்து மேலே குமிழ் வரும். அந்தப் புளிப்பில்தான் ஃபைட்டிக் அமிலம் உடைகிறது, பிடித்து வைத்த கால்சியம் கொஞ்சம் விடுபடுகிறது. காலையில் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, அடி பிடிக்காமல் கிண்டு. கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் வெந்த பதம். ஒட்டினால் இன்னும் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கனக்கும். ஆறிய பிறகு மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போடு. மோரிலிருந்து வரும் கால்சியமும் அதில் சேரும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றும் சொல்வாயே? பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். அதோடு நெத்திலியை முள்ளோடு வறுத்துத் தொட்டுக்கொள். அதிலும் கால்சியம் நிறைய.

முளைகட்டிய மாவு வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யலாம். கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்துத் துணியில் கட்டினால் ஒன்று ஒன்றரை நாளில் வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். தப்பு நடப்பது காயவைக்கும்போதுதான். இங்கே பினாங்கில் காற்றே ஈரம், நிழலில் காயவைக்கிறேன் என்று விட்டால் பூசண வாடை வந்துவிடும். அந்த வாடை வந்ததை வறுத்துச் சமாளிக்கப் பார்க்காதே, கொட்டிவிடு. முளைத்த அன்றே நல்ல வெயிலில் பரப்பி, சாயங்காலம் சிறு தீயில் வறுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அரைத்த மாவை மெல்லிய துணியில் சலிக்காதே. கால்சியம் அதிகம் தங்கியிருப்பது தோலில்தான். சலித்து வழவழப்பாக்கினால் எதற்காக வாங்கினாயோ அதையே கொட்டுகிறாய் என்று அர்த்தம்.

இப்போது தினைக்கு வருகிறேன். சிறுதானியம் என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால் எல்லாவற்றிலும் எல்லாச் சத்தும் இருக்கிற மாதிரி பேசுகிறார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு பாக்கெட்டுகளில் இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. தினையில் கால்சியம் 100 கிராமுக்கு 31 மில்லிகிராம்தான், ஆட்டா மாவில் இருப்பதும் அதேதான். கால்சியத்துக்காகத் தினை வாங்கினால் காசு தண்டம். தினையின் பலம் புரதம். பழைய அட்டவணைகளில் 12 கிராமுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். கேழ்வரகில் 7 கிராம் சொச்சம். தீட்டிய வெள்ளை அரிசியில்கூட 8 கிராமை ஒட்டி இருக்கிறது. புரதத்தில் கேழ்வரகு அரிசியைவிட உயர்ந்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. தினைப் புரதத்துக்கும் ஒரு குறை உண்டு, லைசின் என்ற அமினோ அமிலம் அதில் போதாது. பருப்பில் அது நிறைய இருக்கிறது. தினைச் சோற்றுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டால் தீர்ந்தது.

அதனால் எதைத் தின்கிறோம் என்பதைவிட எதற்குப் பதிலாகத் தின்கிறோம் என்று பார். அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகில் 11. மதியச் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கேழ்வரகுக் களியோ தினைச் சோறோ வைத்தால் நல்ல லாபம். ஆனால் நீ நிறுத்தப்போவதாகச் சொன்ன சப்பாத்தி முழுக்கோதுமை ஆட்டாவில் சுட்டது. அதிலும் நார்ச்சத்து 11 கிராம், புரதம் 10 கிராமுக்கு மேல், இரும்பும் கேழ்வரகை ஒட்டியே வருகிறது. அதை எடுத்துவிட்டுக் கேழ்வரகு ரொட்டி சுட்டால் கால்சியம் கூடும், புரதம் குறையும், மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. பசைப்புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கோதுமையை விட்டுத்தான் ஆகவேண்டும், அது வேறு கதை. உனக்கு அப்படி எதுவும் இல்லையே. ஆட்டா பாவம், அதை விட்டுவிடு. நிறுத்த வேண்டிய கோதுமை ஒன்று இருக்கிறது, அது நீங்கள் இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் வாரக்கடைசியில் சாப்பிடும் ரொட்டி சானாய். மைதாவில் நார்ச்சத்து அரிசி அளவுக்குத்தான், அதற்கு மேல் நெய்யோ எண்ணெயோ. இதைப் பற்றி மட்டும் யாரும் படம் போட்டு அனுப்புவதில்லை.

மாப்பிள்ளை விஷயம் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. அவருக்கு நீ கூழ் கொடுக்கிறாய். நைசாக அரைத்த மாவைத் தண்ணியாக நெடுநேரம் காய்ச்சினால் மாச்சத்து வயிற்றில் சீக்கிரம் கரைந்து சர்க்கரை வேகமாக ஏறும், அது எந்தத் தானியமாக இருந்தாலும் சரி. நார் இருக்கிறதே என்று தைரியமாக இரண்டு டம்ளர் கொடுத்தால் அரிசிக் கஞ்சி கொடுத்த மாதிரிதான் முடியும். அவருக்கு முழு மணியாக வேகவைத்த தினைச் சோறு மேல். அதிலும் அளவு உண்டு. மதியத்துக்கு அவர் 75 கிராம் அரிசி எடுத்தால் அதில் மாவுச்சத்து 58 கிராம் அளவுக்கு வரும். அதே எடைத் தினையில் 45 கிராம் சொச்சம். குறைகிறது, ஆனால் இல்லாமல் போகவில்லை. சிறுதானியம்தானே என்று இன்னொரு கரண்டி வைத்தால் அந்த வித்தியாசம் அங்கேயே காணாமல் போய்விடும். ஒரு தடவை சமைக்காத தானியத்தைத் தராசில் வைத்து 75 கிராம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துக்கொள், அப்புறம் எந்தக் கப்பில் அளந்தாலும் சரியாக வரும்.

தினை வாங்கும்போது நிறத்தைப் பார். உமி நீக்கியது மட்டும் என்றால் மஞ்சளாக இருக்கும். வெளிறிப்போய், பளபளவென்று இருந்தால் அரிசி மாதிரித் தீட்டிவிட்டார்கள், தவிட்டோடு நாரும் போயிருக்கும். தீட்டாத தினையில் எண்ணெய்ச்சத்து அதிகம், கோலாலம்பூர்ச் சூட்டில் சீக்கிரம் காறிப்போகும். சிறிய பாக்கெட்டாக வாங்கி ஃபிரிட்ஜில் வை. வாயில் இரண்டு மணி போட்டு மென்று கசந்தால் கொட்டிவிடு. ராகி சேமியா, ராகி பிஸ்கட் என்று வாங்குவதாக இருந்தால் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காதே, பின்பக்கம் திருப்பு. இங்கே சட்டப்படி எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். முதல் சொல்லே தெப்புங் கண்டும் என்று இருந்தால் நீ வாங்குவது பெரும்பாலும் மைதாதான்.

மாப்பிள்ளையிடம் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறதல்லவா? ஒரு நாள் கூழ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்க்கச் சொல். இன்னொரு நாள் 75 கிராம் தினைச் சோறு, சாம்பார், காய் சாப்பிட்டு அதே மாதிரி பார்க்கச் சொல். இரண்டு எண்ணையும் எழுதி எனக்கு அனுப்பு, நாஸ்தா என்ன என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம். டாக்டர் மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் அதன் பெயரையும் சேர்த்து அனுப்பு. அப்பா நலம், உன் நெத்திலிச் சம்பலைத்தான் தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா