5-ம் தேதிக்குள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

லண்டன் பிளாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் இத்தாலிக்காரப் பெண்ணிடம் கொடுக்க, நீ தமிழில் எழுதி அனுப்பிய பாயின்ட்டுகளைப் படித்தேன். விஷயம் சரி. இங்கிலீஷில் போடும்போது எங்கே சறுக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

"5-ம் தேதிக்குள் வாடகை தரணும்" என்பது நம் கையில் 'வித்தின் ஃபிஃப்த்' என்றுதான் வரும். ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கடிதம் எழுதிய நானே பல வருஷம் அப்படித்தான் எழுதினேன். வித்தினுக்குப் பின்னால் கால அளவு வரவேண்டும்: 'வித்தின் ஃபைவ் டேஸ்'. தேதி என்றால் 'பை த ஃபிஃப்த்'. அப்புறம், "தரணும்" நமக்குச் சாதாரணப் பேச்சு. அதையே 'யூ மஸ்ட் பே' என்றால் அதட்டுவது போல இருக்கும். 'கேன் வீ போத் பே பை த ஃபிஃப்த்?' என்று கேள்வியாகவே வை.

'கரண்ட் பில்' என்று எழுதாதே, இந்த மாசத்து பில் என்று நினைத்துக்கொள்வாள். 'எலெக்ட்ரிசிட்டி' என்று முழுசாகப் போடு. பாத்திரத்துக்கு 'வெசல்ஸ்' வேண்டாம், கப்பலையா கழுவச் சொல்கிறாய் என்பாள். 'டிஷஸ்' போதும்.

"பில்லில் பாதி பாதி" என்று எழுதியிருக்கிறாய். ஜூன் மாசத்துக்கு அது சரிவராது. அவள் வந்தது 11-ம் தேதி. பில் 90 பவுண்டு என்று வை, 30 நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு 3 பவுண்டு. முதல் 10 நாள் நீ தனியாக இருந்தாய், அந்த 30 உன்னுடையது. மீதி 60-ல் ஆளுக்கு 30. ஆக நீ 60, அவள் 30. அவள் வந்த அன்று மீட்டரை போட்டோ எடுத்திருந்தால் இந்த நாள் கணக்கே வேண்டாம், ரீடிங்கே சொல்லிவிடும். எடுத்தாயா?

எனக்குப் பெரிதாகப் படுவது வீட்டு வேலைப் பாயின்ட்தான். "குப்பையை வெளியே வைக்கணும், பாத்ரூம் கழுவணும்" என்கிறாய். யார்? தமிழில் ஆள் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். நம் வீட்டில் "வைக்கணும்" என்றால் அம்மா என்று எல்லோருக்கும் தெரியும், பாவம் அவளுக்கும். இங்கிலீஷில் பெரும்பாலும் ஆளைப் போட்டுத்தான் எழுதவேண்டும், அதனால் முதலில் நீ முடிவு செய்தாக வேண்டும். 'ஐ வில் டேக் அவுட் த பின்ஸ் ஆன் டியூஸ்டே நைட். கேன் யூ க்ளீன் த பாத்ரூம் ஆன் சண்டே?' முதலில் உன் வேலை, பிறகு அவளுடையது, இரண்டிலும் கிழமை. அவளுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை, ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயமே இருக்கட்டும்.

எழுதியதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகாதே, டீ போட்டுக் கையில் கொடு.

நீ சாம்பார் தாளிக்கும்போது அந்தப் பெண் வாசனைக்கு முகம் சுளிக்கிறாளா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா
காட்பாடி