மாலதி, கடிதத்தை நாலு வரியாக்கு

அன்புள்ள மாலதி,

தண்டையார்பேட்டையில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, உன் ராஜினாமா கடிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டியிருந்தது. ஒன்றேகால் பக்கம் எழுதியிருக்கிறாயேடி! பரீட்சையில் அடிஷனல் ஷீட் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லையா?

வீட்டுக்காரர் கம்பெனி, விசா, பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷன் எல்லாம் அதில் வேண்டாம். அதற்காக "சொந்தக் காரணங்களால்" என்று பூசி மெழுகவும் கூடாது. திடீரென்று கிளம்புகிறவள் அப்படி எழுதினால், பாரிமுனையில் வேறு கிளியரிங் ஆபீசுக்குப் போகிறாள், நாலு கஸ்டமரையும் கூட்டிக்கொண்டு போவாள் என்றுதான் நினைப்பார்கள். கணவருக்கு மாற்றல், குடும்பத்தோடு போகிறோம் என்று ஒரே வரி போதும். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று, "விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று மூன்று இடத்தில் எழுதி, கடைசி நாளை மட்டும் விட்டுவிட்டாய். தேதி இல்லையென்றால் அவர்கள் சொல்லும் தேதிதான். ராஜினாமாவைத் தெரிவித்துவிடு, நோட்டீஸ் குறைவதை மட்டும் கேள். இரண்டையும் கலக்காதே.

இப்போது தேதி. இதைக் கவனமாகப் படி. நவம்பர் 29 கடைசி நாள் என்று போனில் சொன்னாய். நீ சேர்ந்தது 2018 ஜூன் 4. 29ஆம் தேதி விலகினால் ஆறு வருஷம், ஆறு மாதத்துக்குச் சில நாள் குறைவு. கிராஜுவிட்டியில் ஆறு மாதத்தைத் தாண்டினால்தான் அது முழு வருஷமாகச் சேரும். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து உனக்கு 26,000. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கு, வருஷத்துக்கு 15,000. ஆறு வருஷத்துக்கு 90,000, ஏழுக்கு 1,05,000. ஃபிளைட் டிசம்பர் 11தானே? டிசம்பர் 6 என்று போடு, ஏழு வருஷம் ஆகிவிடும். நீ ஆபீசுக்குப் போன கடைசி நாள் எதுவாக இருந்தாலும், ரிலீவிங் கடிதத்தில் இருக்கிற தேதிதான் கணக்கு. அதில் 6க்கு முந்தைய தேதி இருந்தால் அங்கேயே திருத்தி வாங்கு. கொஞ்ச நாள் அவசரத்துக்காக 15,000 ரூபாயை விட்டுக்கொடுக்காதே மாலு, அது நீ உழைத்த காசு.

நவம்பர் 14 கடிதம் கொடுத்தால் முப்பது நாள் நோட்டீஸ் டிசம்பர் 14 வரை. 6ஆம் தேதி விலகினால் எட்டு நாள் குறைகிறது. உன் ஈ.எல். பதினொன்று இருக்கிறது, அதில் கழிக்கச் சொல். ஒத்துக்கொள்வது அவர்கள் இஷ்டம். மறுத்தால் எட்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். பேசிக்கில் பிடிப்பார்களா, மொத்தச் சம்பளத்திலா என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இப்போதே பார்த்து வை.

நான் எழுதினால் இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, என் பணியை ராஜினாமா செய்கிறேன். 2024 டிசம்பர் 6 என் கடைசி நாள். கணவருக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல் வந்திருப்பதால் குடும்பத்தோடு அங்கே குடிபோகிறோம். நோட்டீஸில் குறையும் எட்டு நாளை என் விடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டுகிறேன். கையிலுள்ள வேலைகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன். பில் ஆஃப் என்ட்ரி போடுவதை அடியிலிருந்து கற்றுக்கொடுத்தீர்கள், அதற்கு என்றும் நன்றி."

இங்கிலீஷில் அடித்தாலும் இவ்வளவுதான். மன்னிப்பை ஒரு தடவைகூடச் சேர்க்காதே. அந்தப் பட்டியல்தான் மன்னிப்பு, அதை நன்றாகப் போடு. எந்த ஜாப் எந்த நிலையில் நிற்கிறது, எந்த ஷிப்பிங் லைனிடமிருந்து கன்டெய்னர் டெபாசிட் திரும்ப வரவேண்டும், ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் எந்த ஃபைலில், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் யாரிடம். டெபாசிட்டை மட்டும் மறந்துவிடாதே. நீ போனபிறகு யாரும் துரத்தமாட்டார்கள், பணம் அப்படியே கிடக்கும், பேர் உனக்குத்தான் கெடும்.

முதலில் முதலாளியிடம் நேரில் சொல், அன்றைக்கே மெயில் போடு, கிடைத்தது என்று பதில் வாங்கு. வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

பி.எஃப். விஷயத்தில் ஒன்றே ஒன்று. யூ.ஏ.என்.னோடும் ஆதாரோடும் சேர்ந்திருக்கிற சிம்மை ரீசார்ஜ் பண்ணி ரோமிங்கோடு எடுத்துப் போ. ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். அது செத்துப்போனால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. ஆபீசில் வெளியேறிய தேதியைப் போட்டுவிட்டார்களா என்று பி.எஃப். மெம்பர் போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியில் நீயே பார்.

சுந்தரி அக்காவிடம் நீ போய்ச் சொல்லாதே, இரண்டு பேரும் அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். திருத்தின கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
தேவி